ஆ ஏ ஆனது, ஏ ஈ ஆனது: ஆங்கில உயிரொலிகளில் யார் யாரைத் தள்ளினார்கள்?

எட்டாம்வகுப்பு ஆசிரியை

அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். போன வாரம் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், நேம் என்ற சொல்லை அதன் எழுத்துகளை வைத்து வாசித்தால் நாமெ என்றுதானே வருகிறது? அப்படி எழுதிவிட்டு ஏன் நேம் என்கிறார்கள்?" "ஆங்கிலம் அப்படித்தான்" என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம் மாறின என்றும், ஓர் ஒலி நகர்ந்து இன்னொன்றைத் தள்ளியது என்றும் இருந்தது.

மாறியது புரிகிறது. தள்ளியது என்பதுதான் புரியவில்லை. ஒலி என்ன பஸ்ஸில் நிற்கும் ஆளா, இன்னொருவரை இடித்து நகர்த்த? பேசுகிற எவருக்கும் தான் எதையோ தள்ளுகிறோம் என்று தெரியாதே. இந்தத் துறை தெரிந்தவர்கள் விளக்குங்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்மையான பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பழையபுத்தகப்பிரியன்

டீச்சர், இது அச்சு இயந்திரத்தின் வேலை. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். எழுத்து அத்துடன் உறைந்துவிட்டது, பேச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பேச்சு மாறக் காரணம் கொள்ளைநோய். கிராமத்து மக்கள் லண்டனில் குவிந்தார்கள், வட்டாரப் பேச்சுகள் கலந்தன, உயிரொலிகள் குழம்பின. தள்ளுதல் என்பதெல்லாம் பிற்காலத்தார் கட்டிய உவமை.

ஒலிநூல் மாணவன்

பழையபுத்தகப்பிரியன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். காக்ஸ்டன் அச்சகம் வந்தபோது மாற்றம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது, உண்மை. ஆனால் எழுத்து அன்றைக்கே உறையவில்லை. மீட் என்று நாம் சொல்லும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திப்பதற்கு இ எழுத்து இரண்டு முறை, இறைச்சிக்கு இ-யும் ஏ-யும். இந்த வேறுபாடு 16ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் நிலைபெற்றது. அப்போது அவை இரண்டும் காதுக்கு வெவ்வேறாகக் கேட்டதால்தான் எழுத்திலும் பிரித்தார்கள். ஆக, எழுத்தும் இந்த மாற்றத்தின் நடுவழியில் பிடித்த படம்தான்.

கொள்ளைநோயும் இடப்பெயர்வும் பேச்சைக் கலக்கியிருக்கலாம். ஆனால் கலப்பு என்றால் சில ஒலிகள் மேலே, சில கீழே என்று சிதறியிருக்க வேண்டும். நடந்தது சிதறல் இல்லை. டீச்சர், உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இத்தாலிக் குழந்தை முதல் எழுத்தை ஆ என்கிறது, ஐந்தாவதை ஏ போலவும் ஒன்பதாவதை ஈ என்றும் சொல்கிறது. அதே மூன்று எழுத்துகளுக்கும் ஆங்கிலக் குழந்தை சொல்லும் பெயர்கள் ஏ, ஈ, ஐ. ஆ இருந்த எழுத்து ஏ-க்குப் போயிருக்கிறது, ஏ இருந்தது ஈ-க்குப் போயிருக்கிறது, ஈ இருந்தது மேலே போக இடமில்லாமல் ஐ என்று உடைந்திருக்கிறது. ஆங்கில எழுத்துகளின் பெயர்களும் இந்த நகர்ச்சியில் சிக்கியவைதான்.

சொற்களிலும் அப்படியே. ஏறத்தாழ 1400 வரை டைம் என்பது தீம போலவும், கிரீன் என்பது கிரேன் போலவும், நேம் என்பது நாம போலவும் ஒலித்தன. வாயின் பின்பக்கத்திலும் இதே கதை. மூன் அன்று மோன், ஹவுஸ் அன்று ஹூஸ். ஓ ஊ-வுக்கு ஏறியது, ஊ உடைந்து அவு ஆனது. ஒவ்வோர் ஒலியும் ஒரு படி ஏறியிருக்கிறது, உச்சியில் இருந்தவை மட்டும் உடைந்திருக்கின்றன. ஒன்று வந்த இடத்தை மற்றது காலி செய்திருக்கிறது. இந்த ஒழுங்குக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது. டேனிஷ் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1909இல் இதற்குப் பெயர் சூட்டினார். தமிழில் மாபெரும் உயிரொலிப் பெயர்ச்சி எனலாம்.

கிளாஸ்கோ தமிழன்

தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். உச்சரிப்பு விவாதம் என்றால் எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. பன்னிரண்டு வருடமாக கிளாஸ்கோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். ஹவுஸ் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, ஹூஸ்தான். டவுன் அவர் வாயில் டூன், அவுட் என்பது ஊட். குட் என்பதைக் கிட் என்கிறார். ஹோம் என்பது ஹேம். வந்த புதிதில், ஏன் இவர் ஆங்கிலத்தை இப்படித் தவறாகப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். எப்படிப் பேசினால் சரியான ஆங்கிலம் என்று இங்கே யாராவது சொல்ல முடியுமா?

ஒலிநூல் மாணவன்

நண்பரே, எது சரி என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஆசிரியையின் கேள்விக்கு இருக்கிற மிக வலுவான சாட்சியை நீங்கள் கொண்டுவந்திருக்கிறீர்கள். அந்தப் பெரியவர் எதையும் தவறாகப் பேசவில்லை. 1400இல் லண்டன்காரர்களும் ஹூஸ் என்றுதான் சொன்னார்கள். அவர் வழியில் அந்த ஊ உடையவே இல்லை.

ஏன் உடையவில்லை? இதைப் பிடித்தவர் ஆஸ்திரிய அறிஞர் கார்ல் லூயிக், 1896இல். அவர் வாதத்தை நிதானமாகச் சொல்கிறேன்.

தெற்கு இங்கிலாந்தில் ஓ ஊ-வை நோக்கி ஏறியது. ஊ இடம்பெயர்ந்தது. இதில் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஓ ஏறி வந்து நெருக்கியதால் ஊ நகர்ந்திருக்கலாம். அல்லது ஊ தானாக முதலில் உடைந்து போய், காலியான இடத்துக்கு ஓ ஏறியிருக்கலாம். முதலாவது தள்ளல், இரண்டாவது இழுப்பு. தெற்கை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான், எது நடந்தது என்று சொல்ல வழியில்லை.

ஹம்பர் ஆற்றுக்கு வடக்கேயும் ஸ்காட்லாந்திலும் இந்த நகர்ச்சிக்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது. 14ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஓ வாயின் முன்பக்கத்துக்குப் போய்விட்டது. ஓ சொல்வது போல உதட்டைக் குவித்துக்கொண்டு ஏ சொல்லிப் பாருங்கள், அந்த ஒலி. பெரியவரின் கிட் அதன் இன்றைய வாரிசு. ஆகவே வடக்கில், ஊ-வுக்கு அடியில் இருந்து ஏறி வர ஓ இல்லை.

ஊ தானாகவே உடையக் கூடியது என்றால், கீழே ஓ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வடக்கிலும் உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. நெருக்க ஆள் இல்லாத ஊரில் ஊ அப்படியே நின்றது. அறுநூறு ஆண்டுகள் கழித்து உங்கள் பக்கத்து வீட்டில் அது ஹூஸ் என்று ஒலிக்கிறது.

ஹேம் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஆங்கிலத்தில் அது ஹாம். தெற்கில் அந்த ஆ ஓ-வாகிவிட்டது, வடக்கில் ஆகவில்லை. ஆ-வாகவே இருந்ததால் நேம் போன ஏணியில் அதுவும் ஏறிவிட்டது.

குறுக்குக் கேள்வி

லூயிக் வாதம் அழகானது. அழகாக இருப்பதாலேயே நான் சற்றுத் தயங்குகிறேன். வடக்கில் ஓ போனது, ஊ நின்றது. இரண்டும் ஒரே நிலத்தில் நிகழ்ந்தன என்பதிலிருந்து ஒன்று மற்றதற்குக் காரணம் என்று முடிவுகட்டலாமா? வடக்குப் பேச்சு பல விதங்களில் தெற்கிலிருந்து விலகியது. ஊ நின்றதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

இன்னொன்று, ஆசிரியை அம்மாவுக்காக. ஆ ஏ-வைத் தள்ள, ஏ ஈ-யைத் தள்ள என்று கீழிருந்து மேலாக வரிசையாக நடந்தது என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். ஜான் ஹார்ட் என்பவர் 1569இல் ஆங்கில எழுத்தைச் சீர்திருத்த ஒரு நூல் எழுதினார். கேட்டபடியே எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை, அதனால் அவர் பேச்சு நமக்குத் தெரிகிறது. அவரிடம் கிரீன் ஏற்கெனவே ஈ, மூன் ஏற்கெனவே ஊ, டைம் எய் போல உடைந்துவிட்டது. ஆனால் நேம் என்பதில் இன்னும் ஆ! மேல்பாதி முடிந்த பிறகும் அடியில் இருந்த ஆ அசையவில்லை. அசையாத ஒன்று எப்படி மற்றவற்றைத் தள்ளியிருக்க முடியும்?

ஒலிநூல் மாணவன்

ஹார்ட் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, நானே சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் ரோஜர் லாஸ் போன்ற மொழியியலாளர்கள் தொடக்கத்தை நடுவில் வைக்கிறார்கள். முதலில் அசைந்தவை ஏ-யும் ஓ-வும். அவை மேலே இருந்த ஈ, ஊ ஆகியவற்றைத் தள்ளின. ஏ-யும் ஓ-வும் ஏறிவிட்டதால் நடுவில் இடம் காலியானது, பின்னால் ஆ அந்த இடத்துக்கு இழுக்கப்பட்டது. மேல்பாதி தள்ளல், கீழ்பாதி இழுப்பு. ஹார்டுக்குப் பின் ஆ ஏறத் தொடங்கி, 1700 வாக்கில் நேம் ஏ-வுக்கு வந்து சேர்கிறது.

இரண்டும் சேர்ந்து ஒரே நிகழ்வா என்பதில் எனக்கும் முழு உறுதி இல்லை. ராபர்ட் ஸ்டாக்வெல்லும் டொங்கா மின்கோவாவும் 1988இல், இது ஒரே சங்கிலி இல்லை, தனித்தனி மாற்றங்களை நாம் பின்னாலிருந்து பார்த்துக் கோக்கிறோம் என்று வாதிட்டார்கள். கீழ்பாதியைப் பொறுத்தவரை அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மேல்பாதி சங்கிலிதான் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பேச்சுத்தமிழ் ஆர்வலர்

இதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டுமா? நம் வீட்டிலேயே இருக்கிறது. இலை என்று எழுதுகிறோம், எலை என்று பேசுகிறோம். விலை வெலை ஆகிறது. குடை கொடை ஆகிறது, உடம்பு ஒடம்பு ஆகிறது. இ எ-க்கு இறங்குகிறது, உ ஒ-வுக்கு இறங்குகிறது. ஆங்கிலத்தில் ஏறினார்கள், நாம் இறங்குகிறோம். இதுவும் சங்கிலிதானே?

ஒலிநூல் மாணவன்

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் எது சங்கிலி இல்லை என்பதற்கு. உ இறங்கி ஒ-வின் இடத்துக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே இருந்த ஒ என்ன செய்தது? நகர்ந்ததா? இல்லை. மழைக்குப் பிடிக்கும் குடையையும் வள்ளல் கொடுக்கும் கொடையையும் பேச்சில் சொல்லிப் பாருங்கள். இரண்டும் கொடை. வந்தது, இருந்ததோடு கலந்துவிட்டது. அதுவும் அடுத்த அசையில் அ, ஐ போன்ற ஒலி வரும்போது மட்டும். சங்கிலி என்றால், வந்ததற்கு இடம் கொடுத்து இருந்தது விலகியிருக்க வேண்டும், சொற்களின் வேறுபாடு காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும்.

இனிமேல் ஒரு மொழியில் ஒலிமாற்றம் பார்த்தால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: போன இடத்தில் யார் இருந்தார், அவர் இப்போது எங்கே?

பேச்சுத்தமிழ் ஆர்வலர்

ஏற்கிறேன். ஆனால் ஆங்கிலத்திலும் கலந்திருக்கிறதே. நீங்களே சொன்ன இரண்டு மீட்கள்? இன்று இரண்டும் ஒன்றுதான். தமிழ் கலந்தால் சங்கிலி இல்லை, ஆங்கிலம் கலந்தால் சங்கிலியா?

ஒலிநூல் மாணவன்

நியாயமான கேள்வி. அன்று ஆங்கிலத்தில் ஏ இரண்டு வகை. வாய் சற்று இறுகிய ஏ ஒன்று, சந்திக்கும் மீட் அதில். வாய் இன்னும் திறந்த ஏ ஒன்று, இறைச்சி மீட் அதில். ஹார்ட் காலத்தில் முதலாவது ஈ ஆகிவிட்டது, இரண்டாவது இன்னும் ஏதான். சங்கிலி வேறுபாட்டைக் காத்தது. பிறகு 1700ஐ ஒட்டி லண்டன் பேச்சில் இரண்டாவதும் ஈ-க்கு ஏறி, முதலாவதோடு கலந்தது. இந்த முறை ஈ விலகவில்லை. ஆக, இந்தக் கடைசிப் படி சங்கிலி இல்லை. உங்கள் கொடை போன்றதுதான்.

அந்தக் கலப்பு உடனே எல்லாரிடமும் வந்துவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் போப் தம் கவிதையில் தேநீரைக் குறிக்கும் டீ என்ற சொல்லை ஒபே என்ற சொல்லோடு இயைபாக வைத்தார். அவருக்கு அது டே. அயர்லாந்தின் பழைய பேச்சிலும் டே உண்டு. கிரேட், பிரேக், ஸ்டேக் என்ற மூன்று சொற்கள் இன்றுவரை ஏறாமல் ஏ-யிலேயே நின்றுவிட்டன. அவற்றின் எழுத்தும் இறைச்சி மீட் போல இ-யும் ஏ-யும்தான்.

எட்டாம்வகுப்பு ஆசிரியை

கிரேட் ஏன் கிரீட் இல்லை என்று பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் விதிவிலக்கு என்றே சொல்லிவந்தேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. ஹூஸ் கதை தள்ளல் நடந்தது என்று காட்டுகிறது, சரி. எப்படி நடக்கிறது? ஒரு மனிதரின் வாயில், இன்னொருவரின் காதில் அது எந்த இடத்தில் நிகழ்கிறது?

கிறைஸ்ட்சர்ச் செவிலி

நான் நியூசிலாந்தில் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். மொழியியல் தெரியாது. இந்த இழையைப் படித்ததும் ஒரு நாள் நினைவுக்கு வந்தது. ஒரு பாட்டி என்னிடம் "பின்" வேண்டும் என்று கேட்டார். ஊசியை நோயாளி கையில் கொடுக்க முடியாதே, எதற்கம்மா என்றேன். அவர் காற்றில் எழுதிக் காட்டினார். பேனா! பென் என்றுதான் சொல்லியிருக்கிறார். டென் என்பது டின் போலக் கேட்கிறது. பேட் என்பது பெட் போல. சிக்ஸ், ஃபிஷ் போன்றவற்றில் இ-யே காணோம், சக்ஸ், ஃபஷ் என்பது போல ஏதோ ஒன்று. ஆறு மாதத்தில் என் காது பழகிவிட்டது. இது அந்தச் சங்கிலியோடு சேர்ந்ததா, வேறா?

ஒலிநூல் மாணவன்

அக்கா, இதுவும் சங்கிலிதான். கொடை சோதனையைச் செய்து பாருங்கள். பேட்டின் ஒலி பெட்டின் இடத்துக்கு வந்தது, பெட்டின் ஒலி பிட்டின் இடத்துக்குப் போனது, பிட்டின் ஒலி வாயின் நடுவுக்கு விலகியது. யாரும் கலக்கவில்லை. ஆங்கிலக் குறில்களில் நிகழ்ந்த நகர்ச்சி இது, உங்கள் ஊரிலேயே அதற்குச் சான்றும் இருக்கிறது. 1946 முதல் 1948 வரை நியூசிலாந்து வானொலியின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டி ஊர் ஊராகப் போய் முதியவர்களின் பேச்சைப் பதிந்தது. அவர்களில் 1850களில் பிறந்தவர்களும் உண்டு. அந்தப் பதிவுகளை கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். பிற்காலத் தலைமுறைகளோடு ஒப்பிட்டபோது வரிசை தெரிந்தது. பேட்டும் பெட்டும் முதலில் ஏறின, பிட் பிறகுதான் விலகியது. கீழிருந்து வந்த தள்ளல்.

டீச்சர், உங்கள் கேள்விக்கான பதில் செவிலி அக்கா தவறாகக் கேட்ட அந்தக் கணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாரும் ஓர் ஒலியை ஒரே புள்ளியில் சொல்வதில்லை. பின் என்று நூறு முறை சொன்னால் சில முறை நாக்கு கொஞ்சம் மேலே, சில முறை கீழே. பென் ஏறி வராத காலத்தில் இந்தச் சிதறலால் தொல்லை இல்லை. எந்தப் பின்னும் பின்னாகவே புரிந்தது.

பென் ஏறி வரத் தொடங்கியதும், அதன் பக்கமாகச் சிதறிய பின்கள் கேட்பவருக்கு ஐயமாகின்றன. பேனாவோ என்று எடுத்துக்கொள்கிறார், அல்லது புரியாமல் விட்டுவிடுகிறார். அவர் மனத்தில் பின் என்று பதிவது, பென்னிடமிருந்து தள்ளி ஒலித்தவை மட்டும். அவர் பிறகு பேசும்போது அந்தப் பதிவுகளிலிருந்துதான் பேசுகிறார், ஆகவே அவருடைய பின் மயிரிழை அளவு தள்ளிப் போயிருக்கும். அவர் குழந்தைக்கு இன்னும் கொஞ்சம். யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஓரத்தில் நின்றவை எண்ணிக்கையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கின்றன, சராசரி விலகிக்கொண்டே போகிறது. தள்ளல் என்பது இதுதான்.

குறுக்குக் கேள்வி

கேட்க நன்றாக இருக்கிறது. சரிபார்க்க வழி உண்டா? பேச்சில் சூழலை வைத்தே பெரும்பாலும் புரிந்துகொள்கிறோம். செவிலி அம்மா குழம்பியது அவர் வெளியிலிருந்து போனதால்.

ஒலிநூல் மாணவன்

அக்காவின் குழப்பம் வெளியூர்க் காதின் குழப்பம், சரிதான். ஊருக்குள் நிகழ்வது அதைவிட நுண்ணியது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு, நீங்கள் சொன்ன சூழலிலேயே அது இருக்கிறது. அடிக்கடி புழங்கும் சொல் ஐயமாக ஒலித்தாலும் கேட்பவர் ஊகித்துப் பிடித்துவிடுவார், அதுவும் பதிவாகும். அரிதான சொல் ஐயமாக ஒலித்தால் நழுவிவிடும். அப்படியானால் தள்ளப்படும் ஒலியில் அரிய சொற்கள் முன்னே ஓட வேண்டும், புழக்கச் சொற்கள் பின்தங்க வேண்டும். நியூசிலாந்துப் பதிவுகளை வைத்து ஜென் ஹேயும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் அரிய சொற்கள்தான் முன்னே போயிருந்தன. வாய்ச் சோம்பலால் வரும் தேய்வுகளில் இதற்கு நேர்மாறாக, புழக்கச் சொற்கள்தான் முதலில் தேயும் என்பார்கள். அதனால்தான் இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

குறுக்குக் கேள்வி

நியூசிலாந்துக்கு ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒலிப்பதிவு இருக்கிறது. 1450இன் லண்டனுக்கு அது இல்லை. இன்று இப்படி நடக்கிறது என்பதால் அன்றும் இப்படித்தான் நடந்தது என்று சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்.

கிளாஸ்கோ தமிழன்

இடையில் பேசுவதற்கு மன்னியுங்கள். இன்று காலை பெரியவரைத் தேநீருக்கு அழைத்திருந்தேன். லூயிக் வாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்று யோசித்தேன். வடக்கில் ஓ இல்லாததால் ஊ நின்றது என்கிறீர்கள். ஆனால் ஏ அங்கே முன்பக்கத்தில் இருந்ததே? அப்படியானால் ஈ மட்டும் நகர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் அவரைச் சில சொற்கள் சொல்லச் சொன்னேன்.

பசு: கூ. எலி: மூஸ். வீடு: ஹூஸ். ஊ ஒன்றுகூட உடையவில்லை. டைம் சொல்லுங்கள் என்றேன். தீம் என்று வரவில்லை, தெய்ம் போல வந்தது. வைஃப் என்பதும் வெய்ஃப். ஒரே மனிதர், ஒரே வாய். முன்பக்கம் நகர்ந்திருக்கிறது, பின்பக்கம் நின்றிருக்கிறது. வட்டாரமே விலகிப் போனதுதான் காரணம் என்றால் இரண்டும் நின்றிருக்க வேண்டாமா?

ஒலிநூல் மாணவன்

குறுக்குக் கேள்வி அவர்களே, நீங்கள் கேட்ட இன்னும் கொஞ்சம் இதுதான்.

குறுக்குக் கேள்வி

ஆம், இது என் முதல் மறுப்பைப் பெரிதும் தளர்த்துகிறது. ஊ மட்டும் நிற்க அந்த வட்டாரத்துக்கே உரிய வேறொரு காரணத்தை இனி நான்தான் காட்ட வேண்டும். ஏ முதலில் ஏன் ஏறத் தொடங்கியது என்பதற்கு நீங்கள் யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன்.

எட்டாம்வகுப்பு ஆசிரியை

கிளாஸ்கோ அண்ணா, பெரியவர் சம்மதித்தால் அந்த ஐந்து சொற்களையும் அவர் குரலில் பதிவு செய்து அனுப்ப முடியுமா? திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளையில் அந்தப் பெண்ணுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எதற்கு எது அடியில் இருந்தது என்று கரும்பலகையில் வரைந்துவிட்டு, ஹூஸ் ஏன் நின்றது என்று அவளையே கேட்கப் போகிறேன்.